'ப்ளீஸ்' சொல்லாமலே பணிவா கேட்பது எப்படி? போச்சம்பள்ளி டீக்கடையில் நாலு மொழி சொல்லும் பதில்

"அண்ணா, ரெண்டு டீ." இந்த வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை. 'தயவுசெய்து' இல்லை. 'ப்ளீஸ்' இல்லை. ஆனாலும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் டீ ஆற்றுகிறார்.

அதே கடையில், பக்கத்து சிப்காட்டில் வேலை பார்க்கும் வடமாநில இளைஞர் ஒருவர் வந்து "டீ குடு" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் குரலில் கோபம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார். ஆனாலும் கடைக்காரருக்கு சுருக்கென்று இருக்கும். "என்னப்பா, வயசுக்கு மரியாதை இல்லையா?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டாலும் கேட்பார்.

இரண்டு பேருமே 'ப்ளீஸ்' சொல்லவில்லை. ஒருவர் பேச்சு மரியாதையாகவும் இன்னொருவர் பேச்சு மரியாதைக் குறைவாகவும் ஏன் கேட்கிறது?

ஒரே கடை, பல மொழி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள போச்சம்பள்ளி, கர்நாடகம், ஆந்திரம் இரண்டுக்குமே தூரமில்லாத ஊர். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் இந்த மாவட்டத்தில் தலைமுறைகளாக வீட்டு மொழிகள். சிப்காட் தொழிற்பேட்டைகள் வந்தபிறகு இந்தியும் கடைத்தெருவில் சகஜமாகிவிட்டது.

இந்த நாலு மொழியிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' செய்யும் வேலையை இங்கே தனிச்சொல் செய்வதில்லை. வினைச்சொல்லின் வால் செய்கிறது.

தமிழில் 'குடு', 'குடுங்க'. கன்னடத்தில் 'கொடு', 'கொடி'. தெலுங்கில் 'இவ்வு', 'இவ்வண்டி'. இந்தியில் 'தே', 'தோ', 'தீஜியே' என்று மூன்று படி. கடைசி எழுத்து மாறினாலே கேட்பவர் எதிரில் இருப்பவரை எங்கே வைத்துப் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும்.

தமிழின் 'ங்க' உண்மையில் பன்மை விகுதி. 'கொடுங்கள்' என்பது பேச்சில் 'குடுங்க' ஆனது. ஒருவரைப் பலராகக் கருதிப் பேசுவதுதான் மரியாதை என்ற ஏற்பாடு இது. பிரெஞ்சிலும் இதே வழக்கம் உண்டு.

தெலுங்கின் 'அண்டி'யும் தமிழின் 'ங்க'வும் இன்னொரு விதத்திலும் ஒன்று. வினையில் மட்டுமல்ல, எதிலும் ஒட்டிக்கொள்ளும். தெலுங்கில் 'அவுனண்டி' என்பதும் கொங்குப் பக்கம் 'ஆமாங்க', 'இல்லீங்க' என்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

'ங்க' மட்டும் போதுமா?

போதாது. பலர் குழம்பும் இடம் இதுதான். 'ங்க' காட்டுவது மரியாதை. 'கேட்கிறேன், கட்டளை போடவில்லை' என்று காட்டுவது வேறு வேலை. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிக் கருவிகள்.

போலீஸ்காரர் கூட்டத்தைப் பார்த்து "கிளம்புங்க, கிளம்புங்க" என்கிறார். 'ங்க' இருக்கிறது. ஆனால் அது வேண்டுகோள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மரியாதை உண்டு, மென்மை இல்லை.

ஒரே ஒரு கோரிக்கையை எடுத்து, படிப்படியாக எப்படி இளகுகிறது என்று பார்க்கலாம்:

1. தண்ணி குடு
2. தண்ணி குடுங்க
3. கொஞ்சம் தண்ணி குடுங்க
4. கொஞ்சம் தண்ணி குடுங்களேன்
5. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?

முதலிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது மரியாதை சேர்கிறது. மூன்றாவதில் 'கொஞ்சம்' வருகிறது. இது அளவைக் குறிக்கும் சொல் இல்லை. "கொஞ்சம் கதவைத் திறங்க" என்றால் யாரும் கதவைப் பாதி திறப்பதில்லை, முழுசாகத்தான் திறக்கிறார்கள். 'உங்களுக்குப் பெரிய சிரமம் இல்லை' என்று சொல்வதுதான் அதன் வேலை. கன்னடத்தின் 'ஸ்வல்ப', தெலுங்கின் 'கொஞ்செம்', இந்தியின் 'ஜரா' மூன்றும் இதே காரியத்தைச் செய்கின்றன.

நான்காவதில் 'ஏன்' ஒட்டுகிறது. 'குடுங்களேன்', 'வாங்களேன்', 'உக்காருங்களேன்'. இதில் 'செய்தால் நல்லா இருக்குமே' என்ற தொனி வந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் மறுக்கவும் வழி கிடைக்கிறது.

ஐந்தாவதில் கொடுப்பவரே வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறார். 'நீங்க குடுங்க' என்பது போய் 'கிடைக்குமா?' என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. 'ப்ளீஸ்' என்பதற்கு நேரான தனிச்சொல் இல்லாத பின்லாந்து மொழியிலும் இதுதான் வழி. அங்கே கடையில் காபி கேட்பவர், 'எனக்குக் கிடைக்குமா' என்ற பொருளில் வினையையே வளைத்துக் கேட்பார்.

டீக்கடையில் "அண்ணா, ரெண்டு டீ" ஏன் எடுபடுகிறது என்பது இப்போது புரியும். அங்கே கட்டளை போடும் வினையே இல்லை. அந்த இடத்தை 'அண்ணா' என்ற உறவுச்சொல் நிரப்பிவிடுகிறது.

'தயவுசெய்து' என்றால் ஏன் உறுத்துகிறது?

தமிழில் 'தயவுசெய்து', கன்னடத்தில் 'தயவிட்டு', தெலுங்கில் 'தயசேசி', இந்தியில் 'க்ருப்யா'. நாலு மொழியிலும் சொல் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் இருப்பது அறிவிப்புப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும்தான்.

இவை எல்லாமே 'அருள் காட்டி', 'இரக்கம் வைத்து' என்ற பொருளில் பிறந்தவை. அதனால் வீட்டில் ஒருவர் "தயவுசெஞ்சு தண்ணி குடுங்க" என்றால், ஏதோ மனஸ்தாபம் என்றே காதில் விழும். "தயவுசெஞ்சு கொஞ்சம் பேசாம இருங்க" என்பது பணிவு இல்லை, பொறுமை தீர்ந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. ரயில் நிலையத்தின் தமிழ் அறிவிப்புகூட இந்தச் சொல்லைத் தொடாமல் பயணிகளின் 'கனிவான கவனத்திற்கு' என்றுதான் தொடங்கும்.

தமிழுக்குள் வந்த 'ப்ளீஸ்' என்ற சொல்லுக்கும் இதே கதி. "அம்மா ப்ளீஸ்மா", "ப்ளீஸ் டா மச்சான்" என்று அது கெஞ்சலாக மாறிவிட்டது. டீ வாங்க யாரும் கெஞ்சுவதில்லை. அதனால் டீக்கடையில் அதற்கு இடமில்லை.

தொல்காப்பியம் சொன்ன மூன்று சொல்

கேட்கும்போது யார் யாரிடம் கேட்கிறார் என்பதை வினைச்சொல்லே காட்ட வேண்டும் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் இதற்கென்றே விதி உண்டு. கேட்பதற்கு 'ஈ', 'தா', 'கொடு' என்று மூன்று சொற்கள். தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்டால் 'ஈ'. சமமானவர் கேட்டால் 'தா'. உயர்ந்தவர் கேட்டால் 'கொடு'.

இன்று 'ஈ' பேச்சில் இல்லை. 'தா'வுக்கும் 'குடு'வுக்கும் அந்தப் படிநிலை வேறுபாடும் இல்லை. அந்த வேலையை விகுதி எடுத்துக்கொண்டது. கேட்பவர் முன்பு வேறு வினையைத் தேர்ந்தெடுத்தார், இப்போது அதே வினையின் வாலை மாற்றுகிறார்.

மரியாதை யாருக்குக் கிடைக்கிறது?

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. பணிவு பற்றிய ஆய்வில் உலகம் முழுக்க எடுத்தாளப்படும் புத்தகம், பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் எழுதி 1987-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அதற்கு அடித்தளமான மூன்று மொழிகளில் ஒன்று கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். மற்ற இரண்டு ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்தால் மொழியும்.

அந்தக் கிராமத்து வழக்கில், யார் யாரை 'நீ' என்கிறார், யார் யாரை 'நீங்க' என்கிறார் என்பதில் சாதியின் பங்கு பெரியது என்பதை லெவின்சன் தனியாக எழுதியிருக்கிறார். இந்த மண்ணில் பலருக்கு அதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. அறுபது வயதுப் பெரியவரை இருபது வயதுப் பையன் "வாடா, போடா" என்று கூப்பிட்டதும், பதிலுக்கு அவர் "சொல்லுங்க சாமி" என்றதும் பலர் கண்ணால் பார்த்தவைதான்.

ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' என்பதை யாரிடமும் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். தமிழில் அந்த வசதி இல்லை. வாயைத் திறந்து ஏவலில் ஒரு வினை சொன்னாலே 'வா'வா, 'வாங்க'வா என்று முடிவு செய்தாக வேண்டும். அதனால்தான் 'ங்க' விடுபடுவது இவ்வளவு வலிக்கிறது.

அதே சமயம் 'ங்க' இல்லாவிட்டாலே அவமரியாதை என்றும் இல்லை. பெற்ற தாயை "வாம்மா" என்போம். முருகனையே 'நீ' என்றுதான் கூப்பிடுகிறோம். நேற்றுவரை "வாடா" என்ற நண்பன் திடீரென்று "வாங்க சார்" என்றால், அது மரியாதை இல்லை, மனக்கசப்பு.

அந்த இளைஞர் செய்த தப்பு என்ன?

வடமாநிலத் தொழிலாளர்கள் பலர் தமிழைப் படிப்பது புத்தகத்தில் இல்லை, வேலைத்தளத்தில். அங்கே காதில் விழுவது "எடு", "வை", "தூக்கு", "சீக்கிரம் வா". சூப்பர்வைசர் தன்னிடம் பேசிய வடிவத்தையே ஒருவர் மொழி என்று எண்ணிக் கற்கிறார். அதையே கடையில் திருப்பிச் சொல்கிறார். "டீ குடு" என்ற பேச்சில் தெரிவது அவருடைய திமிர் இல்லை. அவரிடம் மற்றவர்கள் பேசிய விதம்தான்.

தெரியாமல் சொல்கிறாரா, வேண்டுமென்றே சொல்கிறாரா என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. தெரியாமல் சொல்பவர் எல்லோரிடமும் ஒரே மாதிரி பேசுவார், முதலாளியிடமும் 'குடு'தான். 'அண்ணா', 'பையா' என்று ஏதாவது ஒன்றைக் கூடவே சேர்ப்பார். குரல் இறங்கியிருக்கும். வேண்டுமென்றே பேசுபவர் ஆள் பார்த்து வடிவத்தை மாற்றுவார்.

இதே தப்பு எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் தமிழ்நாட்டு ஊழியர் "சென்ட் தி ஃபைல்" என்று எழுதிவிடுகிறார். அவர் மனதில் ஓடியது "ஃபைலை அனுப்புங்க" என்பதுதான். ஆனால் அந்த 'ங்க'வை ஒட்டவைக்க ஆங்கில வினையில் இடமில்லை. படிக்கும் வெளிநாட்டுக்காரருக்கு அது வெறும் கட்டளை.

போச்சம்பள்ளிக்குப் புதிதாக வந்து தமிழ் கற்பவருக்கு முதலில் 'தயவுசெய்து'வைச் சொல்லிக்கொடுத்துப் பயனில்லை. 'எடு, எடுங்க', 'வா, வாங்க', 'குடு, குடுங்க' என்று ஜோடி ஜோடியாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். வேலைத்தளத்திலேயே அவரிடம் "எடுங்க" என்று பேசிவிட்டால், சொல்லிக்கொடுக்கவே தேவையிருக்காது.