ஏழு கோடுகளும் ஒரு வைரமும்

மருத்துவ முதுநிலை மாணவர்களுக்கு ஃபாரஸ்ட் பிளாட்டைத் தமிழில் விளக்க, காக்ரேன் அமைப்பின் சின்னமே நல்ல தொடக்கம். அதிலுள்ள ஏழு கிடைக்கோடுகளும் ஏழு ஆய்வுகளின் முடிவுகள். குறைமாதப் பிரசவம் நேரும் நிலையில் உள்ள தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடைதரும் ஆய்வுகளை, முன்பே எழுதிவைத்த விதிகளின்படி ஒன்றுவிடாமல் தேடி, தரம் பார்த்துச் சேர்ப்பது முறைசார் மீளாய்வு. சேர்த்தவற்றின் எண்களை ஒன்றாக்கிக் கணக்கிடுவது மெட்டா அனாலிசிஸ். முதல் வேலையில் ஓட்டை இருந்தால் இரண்டாவது வேலை வீண். பலன் தெரியாத ஆய்வுகள் அச்சேறாமல் போவதுண்டு. அவற்றை விட்டுவிட்டுக் கூட்டினால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும்.

இனி படத்துக்கு வருவோம். நடுவிலுள்ள செங்குத்துக்கோடு 1 என்ற எண்ணைக் குறிக்கிறது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் வித்தியாசமில்லை என்று அதற்குப் பொருள். லிக்கின்ஸும் ஹௌவியும் நடத்திய நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஸ்டீராய்டு பிரிவில் 532 குழந்தைகளில் 36 பேர் இறந்தனர். மற்றப் பிரிவில் 538 பேரில் 60 பேர். இறந்தோரைப் பிழைத்தோரால் வகுத்தால் முதல் பிரிவுக்கு 36/496, இரண்டாவதற்கு 60/478. முன்னதைப் பின்னதால் வகுக்கக் கிடைக்கும் 0.58தான் வாய்ப்பு விகிதம். அதன் 95% நம்பக இடைவெளி 0.38 முதல் 0.89 வரை. கோட்டின் நீளம் இந்த இடைவெளிதான். அது முழுவதும் 1க்கு இடப்பக்கம் நிற்பதால் ஊசிக்குப் பலன் தெரிகிறது.

கம்சுவின் ஆய்விலோ விகிதம் 0.70, இடைவெளி 0.34 முதல் 1.45 வரை நீண்டு செங்குத்துக்கோட்டைக் கடக்கிறது. இதைப் பார்த்ததும் “மருந்து பயனற்றது” என்று எழுதுவதுதான் மாணவர்களிடம் அதிகம் காணும் பிழை. “இந்த ஆய்வை மட்டும் வைத்து முடிவு சொல்ல இயலாது” என்பதே சரி. 0.34 என்றால் பெரும் பலன், 1.45 என்றால் தீங்கு, இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஏழில் ஐந்து கோடுகள் இப்படித்தான் கடக்கின்றன.

ஏழையும் இணைக்கும்போது இறப்புகளை அப்படியே கூட்டக்கூடாது. ஒவ்வொரு ஆய்வுக்குள்ளும் இரு பிரிவுகளை ஒப்பிட்டு, துல்லியமான ஆய்வுக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி காண வேண்டும். விடை 0.53, இடைவெளி 0.39 முதல் 0.73 வரை. சின்னத்தின் அடியிலுள்ள வைரம் இதுவே. ஐந்து ஆய்வுகள் தனித்தனியே சொல்ல முடியாததை ஏழும் சேர்ந்து ஐயமின்றிச் சொல்லிவிட்டன.

ஆனால் வைரத்தின் சொல் அது பிறந்த சூழலுக்கு உரியது. 2011 முதல் 2014 வரை இந்தியா உட்பட ஆறு நாடுகளில், வசதி குறைந்த இடங்களில் இந்த ஊசியைப் பரவலாக்கிப் பார்த்தபோது பச்சிளங்குழந்தை இறப்பு ஒட்டுமொத்தத்தில் கூடியது. பின்னர் ஸ்கேன் மூலம் கர்ப்ப காலத்தை உறுதிசெய்து, போதிய கவனிப்புள்ள மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், 2020இல் இறப்பு குறைந்ததாக முடிவு வந்தது. இவ்விரண்டையும் ஒரே வைரத்துக்குள் அடைப்பதற்குமுன், யாருக்கு, எங்கே, எந்த வாரத்தில் ஊசி போட்டார்கள் என்று மாணவர் பிரித்துப் பார்க்க வேண்டும்.