திருத்தும் பேனா எங்கே நிற்க வேண்டும்?

லண்டனின் ஃபேபர் அண்ட் ஃபேபர் பதிப்பகம் 1952-ல் ஒரு நாவலை வெளியிட்டது. பெயர், ‘தி பாம்-ஒயின் டிரிங்கார்ட்’. ஆங்கில அகராதியில் குடிகாரருக்கு ‘டிரங்கர்ட்’ என்ற சொல் உண்டு, ‘டிரிங்கார்ட்’ கிடையாது. அட்டையிலேயே இருந்த அந்தச் சொல்லைப் பதிப்பகம் மாற்றவில்லை.

எழுதியவர் நைஜீரியாவைச் சேர்ந்த அமோஸ் டுட்டுவோலா. தாய்மொழி யோருபா. சில ஆண்டுகளே பள்ளிக்கூடம் போனவர், லாகோஸில் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்தார். தன் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்லி அவரே சம்மதம் கொடுத்திருந்தார். ஆனாலும் படியெடுத்ததில் நேர்ந்த பிழைகள், விடுபட்ட சொற்கள், முன்னுக்குப் பின் முரணான இடங்கள் ஆகியவற்றோடு பதிப்பாசிரியர்கள் நிறுத்திக்கொண்டார்கள். எவ்வளவு கை வைத்தோம் என்று வாசகர் பார்க்கட்டும் என்பதுபோல, திருத்தம் போட்ட கையெழுத்துப் பக்கம் ஒன்றையும் புத்தகத்தில் அச்சிட்டார்கள். கவிஞர் டிலன் தாமஸ் ‘அப்சர்வர்’ இதழில் நாவலைப் பாராட்டி எழுதினார். நைஜீரியாவிலோ படித்தவர்களில் ஒரு பகுதியினர், இந்த ஆங்கிலம் நம் மானத்தை வாங்குகிறதே என்று கோபப்பட்டார்கள்.

டுட்டுவோலா விஷயத்தில் இலக்கணப் பிழைகளே பல இடங்களில் நின்றுவிட்டன. நாவலுக்கு அது பொருந்தியது. கட்டுரை, நினைவுக்குறிப்பு, விண்ணப்பம் போன்ற அன்றாட எழுத்துக்கு அந்த அளவு சலுகை தர முடியாது. அங்கே பிழையைத் திருத்தியே ஆக வேண்டும். சிக்கல் என்னவென்றால், பிழையும் புதுமையும் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டு வரும்.

தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் தன் பாட்டியைப் பற்றி இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: “சின்ஸ் டென் இயர்ஸ் மை கிராண்ட்மதர் இஸ் டிஸ்கஸிங் அபவுட் தி ரெயின் லைக் எ சன்-இன்-லா ஹூ கம்ஸ் லேட்.” பத்து வருஷமாகப் பாட்டி மழையைப் பற்றி, தாமதமாக வரும் மருமகனைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறாள்.

இதில் மூன்று பிழைகளுக்குச் சந்தேகமே வேண்டாம். ‘சின்ஸ்’ தொடங்கிய காலத்தைச் சொல்லும். கால அளவுக்கு ‘ஃபார்’ வேண்டும். அன்று தொடங்கி இன்றும் நடப்பதால் ‘இஸ்’ போய் ‘ஹேஸ் பீன்’ வர வேண்டும். ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபவுட்’ வராது. எந்த இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினாலும் இதே பதில்தான். எழுதியவரும் இவற்றுக்காக வாதாட மாட்டார்.

அடுத்து ‘லைக்’. தாமதமாக வரும் மருமகனுக்கு ஒப்பு மழையா, பேசுகிற பாட்டியா? ஆங்கில வாக்கியம் இரண்டுக்கும் இடம் தருகிறது. ‘ஆஸ் இஃப் இட் வேர்’ என்று மாற்றினால் மழைதான் என்பது உறுதியாகும். ஆனால் இதைத் திருத்துபவர் தானே முடிவு செய்யக் கூடாது. ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி, மாற்று வாசகத்தையும் பக்கத்தில் கொடுத்து, எழுதியவரிடம் விட வேண்டும்.

மீதியிருப்பது மருமகன். இங்கேதான் அனுபவமில்லாத கை நீளும். ஆங்கிலத்தில் மழையை யாரும் மருமகன் என்பதில்லையே என்று, ‘கம்ப்ளெயினிங் அபவுட் தி லேட் மான்சூன்’ என எழுதிவிடும். இலக்கணம் சுத்தம், ஆனால் பாட்டி காணாமல் போய்விட்டாள். மருமகன்மேல் உரிமையும் கோபமும் உண்டு, வாசலில் வந்து நின்றால் உபசரிப்பும் உண்டு. பருவமழை தாமதமாவதைப் பற்றிய புகாரில் இதில் எதுவும் இல்லை. ‘சன்-இன்-லா ஹூ கம்ஸ் லேட்’ என்ற தொடரில் இலக்கணப் பிழையும் கிடையாது, பொருள் மயக்கமும் கிடையாது. அங்கே பேனா நின்றுவிட வேண்டும். இன்னொரு கேடும் உண்டு: ‘ஹூ கம்ஸ்’ என்பதைச் சுருக்கப் பார்த்து ‘லேட் சன்-இன்-லா’ என்று போட்டால், ஆங்கிலத்தில் அவர் காலமான மருமகன் ஆகிவிடுவார்!

ஒரு தொடர் வேண்டுமென்றே எழுதப்பட்டதா, தடுமாற்றமா என்று தெரியாதபோது நல்ல திருத்துநர்கள் முதல் வாசிப்பில் பேனாவைத் தொடுவதில்லை. முழுப் பிரதியையும் படிக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் மழை மருமகனாக வந்து, ஒன்பதாம் பக்கத்தில் வெயில் மாமியாராக வந்தால், அது அந்த எழுத்தாளர் உலகத்தைப் பார்க்கும் விதம். அப்படிப்பட்ட தொடர்களைத் தனித் தாளில் குறித்து வைத்துக்கொண்டால், களைப்பான பின்மாலையில் கை தவறி அவற்றைச் ‘சரி’ செய்யாமல் இருக்கலாம்.

தன் காதுக்குப் பழகவில்லை என்பது மட்டுமே காரணமானால் அதைத் திருத்தம் என்று சொல்ல முடியாது. மாற்றிய ஒவ்வொரு சொல்லுக்கும் எழுதியவரிடம் ஒரு வரியில் காரணம் சொல்ல முடிய வேண்டும். ‘ஃபார்’ வந்ததற்கு அப்படிச் சொல்லிவிடலாம். மருமகனை எடுத்ததற்கு என்ன சொல்வது?

உங்கள் ஆங்கில எழுத்தை யாரிடமாவது திருத்தக் கொடுத்தால், சுத்தப் பிரதியை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். மாற்றங்கள் தெரியும் பிரதியையும் கேளுங்கள். அடிக்கப்பட்ட உங்கள் சொல் மீண்டும் வேண்டுமென்றால் அதன் கீழே புள்ளிகள் வைத்து, ஓரத்தில் ‘ஸ்டெட்’ என்று எழுதுங்கள். அச்சுத் தொழிலில் அதற்குப் பொருள், ‘இருந்தபடியே இருக்கட்டும்’. கணினியில் என்றால் அந்த மாற்றத்தை நிராகரித்தால் போதும். அந்த உரிமை உங்களுடையது.