தொட்டிக்கு எத்தனை வாட்?

மீன் கடையில் ஹீட்டர் கேட்டால், "தொட்டி எத்தனை லிட்டர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். லிட்டருக்கு ஒரு வாட் என்பது கடைக்கணக்கு. அறைக்கும் தண்ணீருக்கும் ஏழெட்டு டிகிரிதான் வித்தியாசம் என்றால் அந்தக் கணக்கு ஓடிவிடும். சென்னையில் பல வீடுகளுக்கு ஹீட்டரே தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில்தான் கணக்கு இடிக்கும்.

காரணம் எளிது. ஒருமுறை சூடாகிவிட்ட தண்ணீரில் ஹீட்டருக்கு மிச்சமிருக்கும் வேலை, கண்ணாடி வழியாகவும் நீர்ப்பரப்பு வழியாகவும் வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்டுவது மட்டுமே. வித்தியாசம் இரட்டித்தால் இழப்பும் ஏறக்குறைய இரட்டிக்கும். அதே சமயம், இரண்டடித் தொட்டியைவிட நாலடித் தொட்டியில் தண்ணீர் நான்கு மடங்கு இருந்தாலும் வெப்பம் வெளியேறும் பரப்பு மூன்று மடங்குகூட இருக்காது. அதனால் பெரிய தொட்டிக்கு லிட்டருக்கு ஒரு வாட் வேண்டியதில்லை. குளிர்ப்பிரதேசத்துச் சின்னத் தொட்டிக்கு அது போதாது.

உங்கள் தொட்டி எவ்வளவு இழக்கிறது என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஊட்டியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம்; தண்ணீர் 33 செ.மீ. உயரம். மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 59 லிட்டர். கூழாங்கல்லும் அலங்காரக் கல்லும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்தால் சுமார் 54.

மீன் விடுவதற்கு முன்பே வெந்நீர் கலந்து தொட்டியை 25 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். மூடியைப் போடுங்கள், ஃபில்டர் ஓடட்டும். அறை 16 டிகிரி. தசமப் புள்ளி காட்டும் தெர்மோமீட்டரில் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 23.5. அதாவது மணிக்கு 0.75 டிகிரி இறக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் மணிக்கு ஒரு டிகிரி இறங்கினால் அது இழப்பது 1.16 வாட். ஆக, 54 × 0.75 × 1.16, சுமார் 47 வாட். அந்த இரண்டு மணி நேரத்தில் தண்ணீருக்கும் அறைக்கும் சராசரி வித்தியாசம் எட்டே கால் டிகிரி. வகுத்தால், டிகிரிக்கு 5.7 வாட். இதுதான் அந்தத் தொட்டியின் சொந்த எண்.

இனி, வருடத்தின் மிகக் குளிரான விடியற்காலையில் அந்த அறை எவ்வளவு இறங்கும் என்று பாருங்கள். 11 டிகிரி என்றால் வித்தியாசம் 14; தேவை 80 வாட். கடையில் 75 இருக்கும், 100 இருக்கும். வாங்க வேண்டியது 100.

கடைக்கணக்குப்படி 50 வாட் வாங்கியிருந்தால்? அறையைவிட ஒன்பது டிகிரிக்கு மேல் அதனால் தூக்கிப் பிடிக்க முடியாது. குளிர் நீடித்தால் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். தண்ணீரோ 20 டிகிரியை நோக்கி இறங்கும். வெள்ளைப் புள்ளி நோய் பெரும்பாலும் இப்படிப்பட்ட குளிர் அதிர்ச்சிக்குப் பின்தான் தலைகாட்டுகிறது.

மூடி இல்லாவிட்டால் கணக்கே மாறிவிடும். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஆவியானால், அது கொண்டுபோகும் வெப்பத்தை ஈடுகட்ட மட்டும் 28 வாட் இரவுபகலாக எரிய வேண்டும். அடுத்த அளவு ஹீட்டரை வாங்குவதற்கு முன் ஒரு கண்ணாடி மூடி வாங்குங்கள் என்றே சொல்வேன்.

"பெரிதாகவே வாங்கிவிட்டால் என்ன, தெர்மோஸ்டாட் இருக்கிறதே" என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட் பழுதாகும்போது அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது ஹீட்டர் அணையவே அணையாது. நம் தொட்டியில் 100 வாட் ஹீட்டர் அப்படி மாட்டிக்கொண்டால், 11 டிகிரி அறையில் தண்ணீர் 28, 29 டிகிரியைத் தாண்டாது. காலையில் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். 300 வாட் என்றால் மூன்றே மணி நேரத்தில் 34 டிகிரியைத் தொட்டு மேலும் ஏறும். விடிவதற்குள் மீன்கள் செத்திருக்கும்.

ஹீட்டரின் திருகில் உள்ள எண்ணை நம்பாமல், அதற்கு எதிர்மூலையில் தனியாக ஒரு தெர்மோமீட்டர் வையுங்கள். விளக்கு எரிந்தும் தண்ணீர் நாள்கணக்கில் குறித்த அளவை எட்டவில்லை என்றால் வாட் போதவில்லை. குறித்த அளவை இரண்டு மூன்று டிகிரி தாண்டியும் விளக்கு அணையவில்லை என்றால், உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேறு ஹீட்டர் மாட்டுங்கள்.