மழையை யார் அளந்தது?

தொடக்கப் பள்ளிக்கு விருந்தினர் வரும் நாளில் வழக்கமாக ஒரு தாளை வாசிப்பார்கள். பெயருக்கு முன்னால் முனைவர், பிறகு படித்த பட்டங்கள், வகித்த பொறுப்புகள், வாங்கிய விருதுகள். முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் தெரியாது. தாள் முடிவதற்குள் பக்கத்துப் பிள்ளையின் சட்டைப் பொத்தான் சுவாரசியமாகிவிடும். விருந்தினர் மைக்கைப் பிடிக்கும்போது, கலைந்துபோன கூட்டத்தைத் திரும்பச் சேர்ப்பதே அவருக்கு முதல் வேலையாகிவிடுகிறது.

ஆறிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளிடம் ஒருவரை அறிமுகப்படுத்துவது தனி வேலை. வந்தவரால் மட்டுமே தீர்த்துவைக்க முடிகிற ஒரு கேள்வியை அவர்கள் மனதில் எழுப்பிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று, நான்கு நிமிடம் போதும். ஆனால் அந்தக் கேள்வியைத் தேடிப் பிடிக்க முந்தின நாளே உழைக்க வேண்டும்.

வருகிறவர் மழையை அளக்கும் வானிலை ஆய்வாளர், ஒரு பெண், என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஐப்பசி. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். அறிமுகம் செய்யப்போகும் ஆசிரியர் முந்தின நாள் அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேச வேண்டும். அப்போது பட்டங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்வதால் பயன் குறைவு. "காலையில வேலைக்குப் போனதும் உங்க கை முதல்ல எதைத் தொடும்?" என்று கேட்டால் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்க பதில் வரும். மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுகோல் போட்ட கண்ணாடிக் குடுவையில் ஊற்றிப் பார்ப்பேன் என்பார். தினமும் காலை 8.30 மணிக்கு அந்த அளவை எடுப்பார்கள். முந்தின நாள் 8.30 முதல் பெய்த மழை அதில் இருக்கும். செய்தியில் வரும் '5 சென்டிமீட்டர் மழை' அப்படித்தான் பிறக்கிறது. இப்போது நம் கையில் ஒரு மனிதரும் ஒரு பாத்திரமும் ஒரு நேரமும் இருக்கின்றன. ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு இவை தெரியும்.

அடுத்து, கேள்வி. "மழை பிடிக்குமா?" என்று கேட்டால் கூடமே ஒரே குரலில் "பிடிக்கும் மிஸ்" என்று இழுக்கும். கேள்வி வீணானதற்கு அந்தச் சேர்ந்த குரலே அடையாளம். அங்கே யாரும் யோசிக்கவில்லை. நல்ல கேள்வி கூடத்தை இரண்டாகப் பிரிக்கும். மழைக்கு அப்படிப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் சின்னக் கிண்ணத்தையும், அரிசி போட்டுவைக்கும் பெரிய டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஆசிரியர் கேட்கிறார்:

"பிள்ளைங்களா, இந்த ரெண்டையும் நம்ம மைதானத்துல வெச்சிட்டோம். ராத்திரி மழை பெஞ்சுச்சு. காலையில வந்து விரலை உள்ள விட்டுப் பாக்குறோம். எதுல தண்ணி அதிக உயரமா நிக்கும்? சின்னதுலன்னா சுண்டு விரலைக் காட்டுங்க. பெருசுலன்னா கட்டை விரல். ரெண்டும் ஒண்ணுன்னா உள்ளங்கை."

கை மூன்று விதமாகவும் எழும். சின்னது சீக்கிரம் நிறையும் என்பார்கள் சிலர். பெருசு வாய் அகலம், நிறைய மழை விழும் என்பார்கள் சிலர். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டியபடி, ஏறக்குறைய ஏழு வயது வரை பல பிள்ளைகள் தண்ணீரின் அளவை அது நிற்கும் உயரத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். குட்டையான குவளையில் இருந்ததை ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றினால் தண்ணீர் கூடிவிட்டது என்பார்கள். அதனால் உயரமும் அளவும் மோதுகிற இந்தக் கேள்வி ஒன்றாம் வகுப்புக்கும் உண்மையான கேள்வி, ஐந்தாம் வகுப்புக்கும் உண்மையான கேள்வி. விரலால் பதில் சொல்லச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வாய் திறந்து பேசத் தயங்கும் பிள்ளை விரலை மடக்கி நீட்டத் தயங்காது. ஒரு பக்கம் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு விடை தெரிந்தாக வேண்டும்.

பாத்திரங்களைப் பார்த்து எடுக்க வேண்டும். சுவர் நேராக நிற்கும் டப்பாக்கள்தான் வேண்டும். பக்கெட்டை வைத்தால் எல்லாம் கெட்டுவிடும். அதற்கு வாய் அகலம், அடி குறுகல். மேலே விழுந்த மழை கீழே ஒடுங்கி உயரமாக நிற்கும். நேரான டப்பாவில் வாய் எவ்வளவு அகலமோ அடியும் அவ்வளவு அகலம். ஆகவே சின்னதிலும் பெரியதிலும் தண்ணீர் ஒரே உயரம்தான் நிற்கும். மழையை லிட்டரில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்ல முடிவது இதனால்தான். இந்த விடையை அறிமுகம் செய்பவர் சொல்லவே கூடாது. அது விருந்தினருடையது.

கேட்ட பிறகு காத்திருப்பதுதான் கடினம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மேடையில் மூன்று நொடி மௌனம் மிக நீளமாகத் தோன்றும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொள்ளலாம்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று "ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்!" என்று சரியாகக் கத்திவிட்டால்? "வெரி குட்" என்ற சொல் அந்த நொடியே கேள்வியைக் கொன்றுவிடும். மற்றவர்கள் விரலை மடக்கிக்கொள்வார்கள். "அப்படியா? ஏன் அப்படி நினைக்கிற?" என்று முகம் மாறாமல் கேட்க வேண்டும். சின்னக் கிண்ணக் கட்சிக்காரரிடமும் அதே குரலில் அதே கேள்வி. பிறகு, "சண்டை தீரலையே. தினமும் காலையில இதே வேலையைச் செய்றவங்க ஒருத்தங்க வந்திருக்காங்க. அவங்ககிட்டயே கேட்டுடலாமா?" என்று சொன்னால் பிள்ளைகள் தாங்களாகவே வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெயரை இங்கேதான் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் வேண்டாம். என்ன சொல்லி அழைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் நல்லது. 'முனைவர் அவர்களே' என்று எந்தப் பிள்ளையும் கை தூக்கிக் கேட்காது. 'அக்கா' என்றால் கேட்கும்.

'விஞ்ஞானி' என்ற சொல்லை நான் இந்த இடம் வரை தள்ளிவைத்திருப்பது வேண்டுமென்றே. டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 4,807 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லி, அந்தப் படங்களைப் பற்றி 1983-இல் எழுதினார். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, தாடி ஆகியவை வகுப்பு ஏற ஏற அதிகமாகிக்கொண்டே போயின. பெண் விஞ்ஞானியின் படங்கள் மொத்தத்தில் 28தான். அவற்றை வரைந்தவர்கள் அத்தனை பேரும் சிறுமிகள். சொல்லை முதலில் போட்டால் அந்த வெள்ளைக் கோட்டு ஆள் மனதில் வந்து உட்கார்ந்துவிடுவார். சேலையில் நிற்கும் விருந்தினர் அதற்குப் பொருந்தாமல் தெரிவார். கையில் பாத்திரத்தோடு மழைக்கு மறுநாள் காலையில் நடந்து போகிறவரை முதலில் காட்டிவிட்டு, "இப்படி அளந்து, எழுதிவெச்சு, ஏன்னு கேக்குறவங்களைத்தான் விஞ்ஞானின்னு சொல்றோம்" என்றால் சொல் அந்த மனிதர்மேல் வந்து ஒட்டும்.

பேச்சில் கொடுக்கும் படங்களிலும் கவனம் வேண்டும். மேகம் அழுகிறது, மேகம் பஞ்சு மூட்டை என்றெல்லாம் நமக்கு எளிதாக வரும். பெரியவர்களுக்கு அது அலங்காரம். சின்னப் பிள்ளைகள் பலர் மேகத்துக்கும் காற்றுக்கும் உயிரும் விருப்பமும் இருப்பதாகவே எண்ணுகிறவர்கள். அவர்களுக்கு அழுகிற மேகம் ஒரு தகவல். பிறகு விருந்தினர் வந்து அதைக் கழற்றி எடுக்க வேண்டியிருக்கும். 'மாதிரி' என்று முடிகிற படங்களைவிட, கையால் செய்து பார்க்கிற படங்கள் பத்திரமானவை. "விரலைப் படுக்க வெச்சுப் பாரு. அந்த அகலம் தண்ணி நின்னா ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மழை" என்பது அப்படிப்பட்டது. ஐந்து விரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினால், செய்தியில் வந்த 5 சென்டிமீட்டர் ஒன்றாம் வகுப்புக்கும் புரிந்துவிடும்.

ஊரில் பெரியவர்கள் 'ஒரு உழவு மழை' என்று சொல்வதையும், முற்றத்து ஆட்டுக்கல் குழியில் நிற்கும் தண்ணீரைப் பார்த்து மழையை மதிப்பிடுவதையும் பிள்ளைகள் சிலர் கேட்டிருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கலாம். நம் வீட்டுத் தாத்தா செய்ததன் தொடர்ச்சியாக வந்தவரின் வேலை தெரியும். ஆட்டுக்கல் குழிக்குச் சுவர் நேராக இல்லை என்பதை யாராவது ஒரு பிள்ளை கவனித்துச் சொன்னால், அதையும் அப்படியே விருந்தினருக்கு விட்டுவிட வேண்டும்.

வருகிறவர் கதைசொல்லி என்றால் வேலை இன்னும் குறைவு. கதையின் முடிவையும் அதன் நீதியையும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. 'நல்ல பழக்கங்களைக் கற்றுத்தரும் கதை' என்ற ஒரு வரி போதும், பிள்ளைகள் பாடம் என்று நினைத்து உள்ளுக்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். கதை நடக்கும் இடத்திலிருந்து ஒரு கேள்வி எடுக்கலாம். காட்டுவழிக் கதை என்றால், "கரன்ட் போன ராத்திரியில எந்தச் சத்தம் முதல்ல கேக்கும்?" எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, அந்தச் சத்தத்தை மெல்ல எழுப்பச் சொல்லலாம். தவளையும் பல்லியும் நாயும் கிளம்பும். அவை அடங்கும் நேரத்தில், கதை கேட்பவர்கள் 'ம்' கொட்டும் நம் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்து ஒருமுறை பழக்கிவிட்டால், கதைசொல்லிக்குத் தயாரான கூட்டம் கிடைத்துவிடும்.

விஞ்ஞானி விஷயத்தில் ஒரு ஒப்பந்தம் அவசியம். எழுப்பிய கேள்வியை விருந்தினர் தம் முதல் ஐந்து நிமிடத்துக்குள் கையில் எடுக்க வேண்டும். முந்தின நாள் பேசும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர் தாம் கொண்டுவந்த படக்காட்சியை முதல் படத்திலிருந்து தொடங்குவார்; விரலை நீட்டியபடி காத்திருந்த பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். அறிமுகம் செய்தவரும் பேசி முடித்ததும் மேடையில் நிற்காமல் இறங்கி, பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும். நின்றால் பாதிப் பேர் விடை சரியா என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று மழை இல்லாமலும் போகலாம். அப்போது செடிக்கு ஊற்றும் பூவாளியில் தண்ணீர் நிரப்பி விருந்தினர் கையில் கொடுக்கலாம். கிண்ணத்தையும் டப்பாவையும் ஒட்டி வைத்து, இரண்டின் மேலும் பூவாளியைச் சீராக முன்னும் பின்னும் ஆட்டி ஊற்ற வேண்டும். பக்கத்துத் தரையும் நனைய வேண்டும், ஏனென்றால் மழை அப்படித்தான் பெய்கிறது. உதவிக்கு ஓடிவரும் பெரியவர் யாராவது ஆளுக்கொரு குவளை தண்ணீர் என்று இரண்டிலும் ஊற்றிவிட்டால், சின்னக் கிண்ணம் நிறைந்து வழியும், சுண்டு விரல் கட்சி ஜெயித்துவிட்டதாகக் குதிக்கும். அப்படி நடந்தாலும் அழித்துவிட்டு அவசரமாகத் திருத்த வேண்டாம். "மழை இப்படித்தான் பெய்யுமா, கிண்ணத்துக்கு ஒரு குவளை, டப்பாவுக்கு ஒரு குவளைன்னு?" என்று விருந்தினர் கேட்டுவிட்டு மூன்று எண்ணினால், பூவாளியைக் கேட்டு ஒரு பிள்ளை எழுந்து வரும்.