சமிக்ஞை பெப்டைடு: இன்சுலின் வெளியேறும் வழி

கணையத்தின் பீட்டா செல்களில் இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலியாகவே உருவாகிறது. அதன் முதல் 24 அமினோ அமிலங்களே சமிக்ஞை பெப்டைடு. அவற்றுள் 8 லியூசின்கள். அதனால் இப்பகுதியின் நடுப்பாகம் நீரை விலக்கும் தன்மை உடையது.

ரைபோசோமிலிருந்து இத்துண்டு வெளியே தலைகாட்டியதும், செல் திரவத்தில் உள்ள சமிக்ஞை அறி துகள் அதைப் பற்றிக்கொள்கிறது. உடனே புரத உற்பத்தியின் வேகம் குறைகிறது. துகள் ரைபோசோமை எண்டோபிளாச வலையின் சவ்விலுள்ள தன் ஏற்பியிடம் கொண்டு சேர்த்துவிட்டு விலகுகிறது. உற்பத்தி மீண்டும் வேகம் பெற, வளரும் சங்கிலி சவ்விலுள்ள செக்61 என்னும் கால்வாய் வழியே வலைக்குள் நுழைகிறது. முழுப் புரதமும் முடியும்வரை காத்திருப்பதில்லை.

உள்ளே சமிக்ஞை பெப்டிடேஸ் என்ற நொதி 24ஆம் அமினோ அமிலத்தை அடுத்து வெட்டுகிறது. எஞ்சிய 86 அமினோ அமிலங்கள் புரோஇன்சுலின். அது மடிந்து, பின்னர் மேலும் வெட்டப்பட்டு, 51 அமினோ அமிலங்கள் உள்ள இன்சுலினாகிறது.

24ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் அமைந்தால் அந்த வெட்டு சரியாக நடப்பதில்லை. தவறாக மடிந்த புரதம் வலைக்குள் தேங்கி, பீட்டா செல்கள் நலிகின்றன. குழந்தைக்குப் பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு தோன்றலாம். இரு மரபணுப் பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும். தேங்கிய புரதம் நல்ல பிரதியின் வேலையையும் கெடுக்கிறது.

புரதங்கள் தம் இடத்தை அடையச் சமிக்ஞைகளைத் தாமே கொண்டுள்ளன எனக் கண்டறிந்த குந்தர் புளோபலுக்கு 1999இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.