"பேக்கப் முடிந்தது" என்றால் எத்தனை பிரதி?

இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் தீர்ந்துவிட்டது என்று கூகுளின் எச்சரிக்கை வந்த வாசகர்கள் பலர் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்கள்: "எல்லாப் படமும் பேக்கப் ஆகிவிட்டதாகப் போன் சொல்கிறது. போனிலிருந்து அழித்துவிடலாமா?" கெடு ஒன்றும் இருக்கிறது. அளவைத் தாண்டியபடியே 2 ஆண்டுகள் கிடந்தால் கணக்கில் உள்ளவை நீக்கப்படலாம் என்பது நிறுவனத்தின் விதி. இடம் நிரம்பிய உடனேயே புதிய படங்கள் ஏறுவதும் நின்றுவிடும்.

இப்போதைக்கு அழிக்காதீர்கள். கூகுள் போட்டோஸ் செயலி "பேக்கப்" என்று பெருமையாகச் சொல்வது, பாதி ஒத்திசைவுதான். போனும் கணக்கும் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்ளும். அந்தச் செயலிக்குள் போய் மகளின் காதுகுத்துப் படத்தைத் தவறுதலாக அழித்தால், அது போனிலிருந்தும் போகும், கணக்கிலிருந்தும் போகும். பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், பிறகு கிடைக்காது. ஆப்பிளின் ஐகிளவுடில் அவகாசம் 30 நாள்தான். ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவருக்கு இரண்டாலும் பயனில்லை.

ஆகவே பிரதிகளை எண்ணும்போது, எந்த ஆபத்துக்கு எதிராக எண்ணுகிறோம் என்று பார்க்க வேண்டும். போன் பேருந்தில் தொலைந்தால் கணக்கில் இருப்பது நல்ல பிரதி. விரல் தவறியதற்கு எதிராக அதைப் பிரதியாக எண்ணவே முடியாது. `Free up space` பொத்தான் இன்னும் மோசம். இடம் மிச்சம் என்ற பெயரில், இருந்த இரண்டை அது ஒன்றாக்குகிறது. `Storage saver` தரத்தில் ஏற்றியிருந்தால், மிஞ்சும் அந்த ஒன்றும் சுருக்கப்பட்டதுதான். மூலப் படம் எங்கும் இருக்காது.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர். 40 ஜிபி படம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அதை இப்படிப் பொருத்தலாம்: போன் ஒன்று, வீட்டில் 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று, அக்கா வீட்டில் அதே அளவில் இன்னொன்று. கூகுள் கணக்கு உபரி.

மாதம் ஒருமுறை போனைக் கணினியில் செருகி, போனின் திரையில் `File transfer` தேர்ந்தெடுங்கள். `DCIM` ஃபோல்டருக்குள் உள்ள `Camera`வைத் திறந்து, அந்த மாதப் படங்களை மட்டும் டிஸ்க்கில் `2025-06` போன்ற பெயருள்ள ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். கட் செய்யவே கூடாது. பாதியில் கேபிள் அசைந்தால் படம் அங்கும் இல்லாமல், இங்கும் இல்லாமல் போகலாம். தேர்ந்தெடுத்த படங்களின் எண்ணிக்கை ஜன்னலின் அடியில் தெரியும். டிஸ்க்கில் அதே எண் வராவிட்டால் காப்பி முழுமையாகவில்லை. எண் சரியாக இருந்தாலும் நாலைந்து வீடியோக்களைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்கா வீட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து, விண்டோஸில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள். முதலில் இருப்பது வீட்டு டிஸ்க், அடுத்தது அக்காவுடையது; எழுத்துகள் உங்கள் கணினிக்கு ஏற்ப மாறும்.

```
robocopy D:\Photos E:\Photos /E /XC /XN /XO
```

இது இரண்டாம் டிஸ்க்கில் இல்லாத ஃபைல்களை மட்டும் சேர்க்கும். ஏற்கெனவே அங்கே இருப்பதைத் தொடாது. பலரும் பரிந்துரைக்கும் `/MIR` வேண்டாம். முதல் டிஸ்க்கில் இல்லாததை இரண்டாவதிலிருந்தும் அது அழித்துவிடும். ஒத்திசைவின் அதே வம்புதான். வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கணினியைத் தாக்கும் வைரஸும் மின்னழுத்த ஏற்றமும் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பிடிக்கும்.

இரண்டு டிஸ்க்கிலும் படங்கள் திறக்கின்றன என்றால், கூகுள் போட்டோஸில் பழைய ஆண்டுகளின் பேக்கப் ஆன படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து `Delete from device` கொடுக்கலாம். கணக்கோடு சேர்த்து அப்போதும் மூன்று இருக்கும்.

மற்றக் கேள்விகள்:

பென்டிரைவ் போதாதா? கைமாற்றப் போதும், ஆண்டுக்கணக்கில் வைக்கப் போதாது.

எஸ்எஸ்டி? மின்சாரமே காணாமல் பல ஆண்டு அலமாரியில் கிடக்க ஏற்றதல்ல.

வாட்ஸ்அப் படங்கள்? அவை `Camera`வில் இருக்காது. `Android/media/com.whatsapp` என்ற இடத்திலிருந்து தனியாகக் காப்பி செய்ய வேண்டும்.

ஐபோன்? `Optimize iPhone Storage` இயங்கினால் பல படங்களின் சிறிய வடிவம் மட்டுமே போனில் இருக்கும்; முதலில் `Download and Keep Originals` என்று மாற்றுங்கள்.

டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வருகிறதே? இன்றே புதியது வாங்கி, நலமாக இருக்கும் மற்ற டிஸ்க்கிலிருந்து காப்பி செய்யுங்கள்.