செயினின் உள்பக்கத்து அம்பு

மைத்துனருக்குக் கல்யாணத்தில் வந்த செயின் வாட்ச், கையில் வளையலாட்டம் முழங்கை வரை ஏறி இறங்கியது. ஒரு ஞாயிறு மாலை அதை என்னிடம் நீட்டினார். பின் தள்ளும் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. செயினைப் படுக்க வைக்க ஒரு பிளாஸ்டிக் மேடை, திருகினால் முன்னேறும் ஊசி முனை, அவ்வளவுதான்.

முதலில் கையில் போட்டு, பூட்டுப் பக்கம் தொங்கும் தொய்வைக் கிள்ளிப் பார்த்தோம். மூன்று கண்ணிகள் மிகை. பூட்டுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடம் விட வேண்டும், வெயிலில் கை சற்றே உப்பும். பூட்டு மணிக்கட்டின் அடியில் நடுவாக நிற்பதற்காக 6 மணிப் பக்கம் இரண்டு, 12 மணிப் பக்கம் ஒன்று என்று பிரித்துக்கொண்டோம்.

இனி செயினைத் திருப்பிப் பாருங்கள். சில கண்ணிகளின் உள்பக்கத்தில் சின்ன அம்பு பொறித்திருக்கும். கழற்றக் கூடியவை அவைதான். பின்னின் ஒரு முனை இரண்டாகப் பிளந்து சற்றுத் தடித்திருக்கும், அந்தப் பிடிப்பில்தான் அது விழாமல் நிற்கிறது. பிளந்த முனை முதலில் வெளியேறும் திசையையே அம்பு காட்டுகிறது. எதிர்த் திசையில் தள்ளினால் தடித்த முனை துளை முழுக்க உரசி இறுகும், கருவியின் ஊசிதான் வளையும். பக்கவாட்டில் திருகுத் தலையின் கீறல் தெரிந்தால் அது பின் அல்ல, திருகாணி. அதற்கு இந்தக் கருவி கூடாது, மெல்லிய ஸ்க்ரூட்ரைவர் வேண்டும்.

ஊசி துளையின் நடுவில் நேராக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு மெதுவாகத் திருகினேன். பின் மூன்று நான்கு மில்லிமீட்டர் எட்டிப் பார்த்ததும் ஊசியைப் பின்வாங்கி, மீதியைக் குறட்டால் இழுத்தேன். அடியில் வெள்ளைத் தட்டு வைத்திருந்தேன். சில செயின்களில் பின்னோடு கடுகளவு குழாய் ஒன்றும் விழும். அது தொலைந்தால் பின் நிற்காது, விழுந்த துளையிலேயே திரும்ப வைக்க வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு இரண்டு பின் கழற்றினால், நடுவில் உள்ள கண்ணிகள் தனியே வந்துவிடும். இணைக்க ஒரு பின் போதும், இன்னொன்று மிஞ்சும். இணைக்கும்போது அம்புக்கு எதிராக, வழுவழுப்பான முனையை முதலில் நுழைக்க வேண்டும். பிளந்த முனை கடைசியில் இறுகிக்கொள்ளும். மைத்துனர் அவசரத்தில் ஒன்றை மாற்றிச் செருகிவிட்டார், பாதியில் நின்றுவிட்டது. எடுத்துத் திருப்பியதும் போயிற்று. விரலால் தள்ளினாலே முழுதாகப் போகும் பின், பிடிப்பு இழந்த பின். அதற்குப் பதில் வேறு போடுவதே நல்லது. கடைசியில் நகத்தால் ஓரத்தைத் தடவினால் எதுவும் தட்டக் கூடாது.

மறுநாள் மதியம் போன் செய்தார், "மாமா, இப்போ கொஞ்சம் பிடிக்குது." பூட்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் சின்னத் துளைகளில், ஸ்பிரிங் கம்பியை ஒரு துளை வெளியே நகர்த்தச் சொன்னேன்.